முதல் பக்கத்தில் என் கடிதம்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோரம், ஏசிக்கு நேர் கீழே, கணக்குப் பிரிவு மேலாளர் ருக்மிணி மேடம். அவருக்கு எதிரே மடிக்கணினியோடு அபினவ். பில்களைப் படிக்கும் நிரலை எழுதியவன். கதவோர நாற்காலியின் நுனியில் முத்தம்மா. டெல்லியில் எங்கள் கரோல் பாக் அலுவலகத்தை ஆறு வருடங்களாகப் பதினோரு பெண்களை வைத்துச் சுத்தம் செய்பவர். அவருக்குப் பக்கத்தில் நான், கணக்கு எழுத்தர் இராஜமாணிக்கம்.

முத்தம்மாவின் மூன்று மாத பில்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன. 'விவரம் இல்லை' என்று ஆங்கிலத்தில் வந்த மின்னஞ்சல்களை அவர் பார்க்கவில்லை. அந்த முகவரி பில் அனுப்புவதற்கென்று சைபர் கடைக்காரர் திறந்து கொடுத்தது. தொடர்ந்து மூன்று மாதம் முறையான பில் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்பது விதி. ரத்தாகிவிட்டது.

"நான் அனுப்பினேம்மா. அண்ணனைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார் முத்தம்மா.

"வந்திருக்கு. ஆனா உள்ள ஒண்ணும் இல்லைன்னு சிஸ்டம் சொல்றது" என்றார் மேடம். "அபினவ், ஜல்தி பாரு."

அபினவ் மின்னஞ்சலில் வந்த பிடிஎஃபைத் திறந்து, முதல் பக்கத்தில் சுட்டியை இழுத்தான். வரிகள் நீலமாயின. இரண்டாம் பக்கத்தில், தொகையும் நாள்களும் இருந்த கட்டத்தின் மேல் இழுத்தான். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"அச்சா... இது எழுத்து இல்ல, எழுத்தோட போட்டோ. ஸ்கேன் பண்ணினது."

"முத்திரையும் கையெழுத்தும் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? ப்ரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி, கடையில குடுத்துதான் ஸ்கேன் பண்ணுவேன். ஆறு வருஷமா அதே மாதிரிதான்."

"அதுக்குத்தான் ரெண்டு வழி வெச்சிருக்கேன், ஆன்ட்டி. நிஜ எழுத்து இருந்தா நேரா எடுத்துக்கும். படம்னா ஓசிஆர், அதாவது படத்தைப் பார்த்து எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கும். முன்னாடி உங்க பில் எல்லாம் படம்னு தெரிஞ்சு ஓசிஆருக்குப் போச்சு. இப்ப மூணு மாசமா..." அவன் நிரலைத் திறந்து பார்த்தான். "நான் முதல் பக்கத்தை மட்டும்தான் செக் பண்றேன். அதுல நிஜ எழுத்து இருக்கு. அதனால முழு பில்லும் எழுத்துன்னு முடிவு பண்ணிடுச்சு. ரெண்டாவது பக்கத்துல எடுக்க ஒண்ணும் இல்ல. காலி."

"முதல் பக்கம் என்ன?" என்றார் மேடம்.

திரையில் இருந்தது எனக்குத் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. எங்கள் ஊர்ப் பள்ளியில் கற்ற ஒழுங்கில், ஓரம் பிசகாமல், ஆங்கிலத்தில் நான் தட்டச்சு செய்த கடிதம். 'வெறும் பில்லை அனுப்பாதீங்க முத்தம்மா, மேலே மரியாதையா ஒரு கடிதம் வைங்க' என்று மூன்று மாதம் முன்பு சொன்னவன் நான். அதிலிருந்து மாதாமாதம் அவர் அனுப்பும் ஸ்கேனின் முன்னால் அதை ஒட்டி, ஒரே கோப்பாக்கி, அவர் முகவரியிலிருந்தே அனுப்பியவனும் நான்தான். பதில் வந்ததா என்று அந்த முகவரியை நானும் திறந்து பார்த்ததில்லை.

"நான் எழுதியது" என்றேன்.

முத்தம்மா திரும்பினார். "நல்லா எழுதியிருக்கீங்கண்ணே" என்றார். கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அபினவ் பத்தே நிமிடத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதிக்கும்படி மாற்றிவிட்டான். மூன்று பில்களையும் மறுபடி ஓட்டினான். தொகை, நாள், ஆள் கணக்கு, எல்லாம் வந்து நின்றன.

"அப்ப வேலை?" என்றார் முத்தம்மா.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பணம் வந்துடும், முத்தம்மா. வேலை... புது கம்பெனியோட வியாழக்கிழமையே கையெழுத்தாயிடுத்து. திங்கள்ல இருந்து அவா ஆட்கள் வர்றா. என் கையில இல்லை."

"தப்பு எங்களது இல்லைன்னு இப்பதானே பார்த்தீங்க?"

"பார்த்தேன்."

"பதினோரு பேரும்மா. நாலு பேருக்கு இந்த வேலையை விட்டா வேற இல்ல."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முத்தம்மா எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வைத்துவிட்டு வெளியேறினார்.

ரத்து உத்தரவை முறைப்படி தபாலில் அனுப்ப வேண்டும். அந்த வேலை என்னுடையது. இரண்டு வரி ஆங்கிலம், மேடம் கையெழுத்திட்டார். அதோடு ஒரு தாளில் தமிழில் நானும் எழுதினேன்: 'பில்லுக்கு முன்னால் கடிதம் வைத்தது என் யோசனை. அது இல்லாமல் இருந்தால் வேலை போயிருக்காது.' அனுப்புநர், பெறுநர் போடவில்லை. மேலும் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதை எழுதினாலும் பதினோரு பேருக்கும் திங்கட்கிழமை வேலை இல்லை.

இரண்டையும் மடித்து உறையில் இட்டேன். ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, தபால் அலுவலகத்துக்கு நடந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த பெண் எடை பார்த்து, ரசீதைக் கிழித்துத் தந்துவிட்டு, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.