இருநூற்றுப் பதினைந்தாவது வரி

கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு ஒருவழியாக முடிந்தது என்று பாலேஸ்வரி கைப்பையைத் தூக்கியபோது, தலைவர் ஒஸ்வால்ட் கையைக் காட்டி மறுபடி உட்காரச் சொன்னார்.

"மிஸ், இன்னும் ஒண்டு இருக்கு. ரெண்டு பேரை மிச்சம் வச்சிருக்கிறோம். நீங்க ஒருத்தர். வேலை கிடைச்சா முதல் தொண்ணூறு நாளில என்ன செய்வீங்க எண்டு ஒரு திட்டம் எழுதி அனுப்புங்க. ரெண்டு பக்கம் போதும். மேல ஒரு சின்னக் கடிதம். புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள்ள ஈமெயில்ல வரணும்."

பக்கத்தில் இருந்த சட்டத்தரணி ஸவாஹிரும் ஒரு கன்னியாஸ்திரியும் தலையாட்டினார்கள். மூன்று பேர்தான் தேர்வுக்குழு. மாதிரிக்கு என்று ஒரு போட்டோக் கொப்பியையும் ஒஸ்வால்ட் நீட்டினார். முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர் மூன்று வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த திட்டம் அது. மிச்சமிருந்த மற்ற ஆளுக்கும் இதே பிரதிதான் கொடுத்தார்களாம்.

முன்பு இருந்தவர் நாகேந்திரம். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் வந்து பெயர் பதியும் இடம் இது. நாகேந்திரம்தான் இணைப்பாளர், பதிகிறவரும் அவர்தான். போன மார்ச்சில் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கென்று புறப்பட்டவர் வீடு போய்ச் சேரவில்லை. இப்போது ஓகஸ்ட். நேர்முகம் நடந்த ஒரு மணித்தியாலத்தில் அந்த மூன்று பேரில் ஒருவராவது அவர் பெயரைச் சொல்ல வேண்டுமே! "முன்பு இருந்தவர்" என்றார்கள், "அவர்" என்றார்கள்.

வெளியே வரும்போது அவருடைய மேசையைக் கண்டாள். தேத்தண்ணி ஊற்றும் ஆறாயி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்து, வைத்திருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். கண்ணாடிக்காரர் முகம் கழுவப் போயிருக்கிறார் என்று நினைக்கத் தோன்றும்.

பக்கத்தில் பதிவேடு திறந்திருந்தது. கடைசி இலக்கம் 214. அதற்குக் கீழே வெறுங்கோடு. இணைப்பாளர்தான் எழுத வேண்டும், குடும்பத்தில் ஒருவர் முன்னாலிருந்து சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எழுதுகிற கை இல்லாமல் ஐந்து மாதமாக ஒருவரும் பதியப்படவில்லை. வந்தவர்களை "பிறகு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"ஐயாட பேரும் இதுல இல்லியா?" என்று பாலேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

ஆறாயி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா, ஐயா வந்து எழுதுவாருன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க போல" என்றாள். அவள் கேலி பேசவில்லை.

இது பாலேஸ்வரி ஆசைப்பட்டுத் தேடிய வேலை அல்ல. யாழ்ப்பாணத்தில் இதே மாதிரி ஓர் இடத்தில் வேலை செய்தவள். ஒரு நாள் தொலைபேசியில் ஒரு குரல் அவளுடைய முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லிவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் வைத்தது. அதோடு கொழும்புக்கு வந்தவள் திரும்பிப் போக முடியாது. இங்கே நிற்பதற்கோ காரணம் வேண்டும். கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய ஆனி மாதத்துக்குப் பிறகு, வெள்ளவத்தையில் அறை வாடகைக்கு விட்ட ஒவ்வொருவரும் கடிதம், கடிதம் என்று பறந்தார்கள். வீட்டுக்காரர் சிவபாதசுந்தரம் நல்ல மனிதர்தான். ஆனால் பயந்த மனிதர்.

"பிள்ளை, பொலிஸ் போமிலை உம்மடை பேருக்கு நேரை 'நேர்முகப் பரீட்சை' எண்டு எழுதிக் குடுத்தாச்சு. மாசக் கடைசியிலை திரும்ப வருவாங்கள். அப்ப வேலைக் கடிதம் ஒண்டு காட்டாட்டி நான் என்ன செய்யிறது, சொல்லும்?"

அவர் கேட்டதில் பிழையில்லை. இந்தத் தொண்ணூறு நாள் சரியாக விழுந்தால் கடிதம். விழாவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியும் தானும் தெருவில். அதுதான் நிலவரம்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே எழுதத் தொடங்கிவிட்டாள். செப்டெம்பர் மூன்றாம் திகதி வேலையில் சேர்ந்தால் தொண்ணூறாவது நாள் டிசம்பர் முதலாம் திகதி. கலண்டரில் அதற்கு வட்டம் போட்டாள். நாளைக்குச் சந்திக்குப் போய்ப் பாண் வாங்கித் திரும்புவோமா என்று தெரியாத ஊரில் டிசம்பருக்கு வட்டம்! அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

முதல் முப்பது நாள், பார்த்தலும் கேட்டலும். பதிவேட்டையும் கோப்புகளையும் வாசிப்பது, வேலையாட்களோடு தனித்தனியே கதைப்பது. இரண்டாவது முப்பது நாள், திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைத் தேடி நாள் குறித்து அழைப்பது. மூன்றாவது முப்பது நாள், மாற்ற வேண்டியவற்றைக் குழுவிடம் எழுதிக் கொடுப்பது. ஒழுங்காகத்தான் வந்தது. வாசித்துப் பார்த்தால், பாதி வசனம் நாகேந்திரத்தினுடையது! மாதிரியைப் பக்கத்தில் வைத்து எழுதியதில் அவருடைய "நான்" இவளுடைய "நான்" ஆகிவிட்டது. "நான் முதல் வாரத்தில் சகலரையும் சந்திப்பேன்." எந்தக் குரலில் வாசிக்கிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அறைக்குள் இன்னொருவர் இருந்து தொண்டையைச் செருமுவது போல இருந்தது. எழும்பிப் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.

மாதிரியின் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. "நான் வராத நாளில் பதிவேட்டை எழுத இன்னொருவரைப் பழக்குதல்." அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில், பென்சிலாலேயே, "இது அவசியமில்லை."

பாலேஸ்வரி கண்ணை எடுக்கவில்லை. மனுசன் கேட்டிருக்கிறார். எழுத்திலே கேட்டிருக்கிறார். யாரோ ஒரு பென்சில் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அப்படி ஒரு ஆளைப் பழக்கியிருந்தால், மார்ச் மாதமே அந்த வெறுங்கோட்டில் நாகேந்திரத்தின் பெயர் ஏறியிருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஆனாலும் கோபம் வந்தவுடனே துணிவும் வந்துவிடுமா? புதன்கிழமை ஈமெயில் அனுப்ப ஷிப்லியின் கொமியூனிகேஷன் கடைக்குப் போகும்போது அவளிடம் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று பத்திரமானது. நாகேந்திரம் அதில் எங்கேயும் இல்லை. மற்றதில் இரண்டு வரி கூட. முதல் வாரம்: திருமதி நேசமலர் நாகேந்திரத்தை அவர் வீட்டில் சந்தித்து, கணவரின் பெயரைப் பதிய விருப்பமா என்று கேட்பது, வற்புறுத்தாமல். முதல் மாதத்துக்குள்: பதிவேட்டை எழுத இரண்டாவது ஒருவரைப் பழக்குவது, அந்த ஆள் குழு உறுப்பினராக இருப்பது நல்லது.

ஷிப்லி மூன்று பிள்ளைகளின் தகப்பன். கடையில் யார் எதை அடித்தாலும் பார்க்காத மாதிரிப் பார்க்கிற கண். அவள் அடித்திருந்த கடிதத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மிஸ், கடிதமே ஒண்டரைப் பக்கம் ஈக்குது. திட்டத்தில உள்ளத எல்லாம் இதிலயும் சொன்னா, அவங்க எதுக்குத் திட்டத்தத் தொறக்கணும்?"

சொல்வதில் நியாயம் இருந்தது. வெட்டினாள். யாழ்ப்பாண அனுபவம் போயிற்று, கொழும்பில் தான் படும் பாடு போயிற்று. மிஞ்சியது இவ்வளவுதான்:

"அன்புடையீர், நீங்கள் கேட்டபடி முதல் தொண்ணூறு நாட்களுக்கான திட்டத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இரண்டு பக்கங்கள். வேலையைத் தொடங்கிய பின் கண்டறிவதை வைத்து, முப்பதாவது நாளில் உங்களோடு பேசித் திருத்துவேன். யாரையும் கண்டுபிடித்துத் தருவேன் என்று இதில் எங்கும் சொல்லவில்லை. முதல் வாரத்துக்குரிய பகுதியை முதலில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பேச வேண்டுமானால் கீழுள்ள இலக்கத்தில் எடுக்கலாம்."

முதல் வாரத்துக்குரிய பகுதி. எந்தத் திட்டத்தின் முதல் வாரம்? விரல் அங்கேதான் நின்றது.

எழுத்துரு அந்தப் பக்கம் உடைந்து போகாமல் ஷிப்லி இரண்டையும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்திருந்தார். "எத அனுப்ப?" என்றார். சுவர் மணிக்கூட்டில் நான்காக இருபது நிமிடம். வெளியே காலிக்குப் போகும் வீதியில் ஆமி ட்ரக் ஒன்று மெதுவாகப் போயிற்று. அது தாண்டும்வரை கடையில் ஒருவரும் கதைக்கவில்லை.

பத்திரமான திட்டம் போனால் கடிதம் வரும், அறை மிஞ்சும். பிறகு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு முன்னால். ஒரு நாள் தானும் வீடு போய்ச் சேராவிட்டால்? ஆறாயி இவளுடைய பேனையைத் துடைத்து வைப்பாள். 215 அப்போதும் வெறுங்கோடாகவே இருக்கும். பயம் என்றால் இப்படி ஒரு பயத்தை பாலேஸ்வரி அதுவரை அறியவில்லை. சாவதை விட, ஒருவரும் எழுதாமல் இல்லாமற் போவது!

"ரெண்டாவதை அனுப்புங்கோ" என்றாள். இணைத்ததைத் திறந்து ஒரு முறை சரிபார்த்தாள். மூன்று நாற்பத்தெட்டுக்குப் போயிற்று.

வியாழன் போனது, வெள்ளி போனது. சிவபாதசுந்தரம் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார், அது இன்னும் மோசம். சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. ஒஸ்வால்ட்.

"மிஸ், மாதிரியில இருந்த அந்தப் பென்சில் எழுத்து என்ட கை" என்றார் எடுத்த எடுப்பில். "அவரிட்ட நாந்தான் சொன்னேன், ஏன் மனுசன் அபசகுனமா எழுதுறீங்க எண்டு. கொப்பி எடுக்கேக்க அது இருந்தது மறந்து போச்சு. மறந்ததோ என்னவோ." மூச்சு வாங்கினார். "ஸவாஹிருக்கு விருப்பமில்லை, ஆபத்து எண்டார். சிஸ்டரும் நானும் சரி எண்டோம். கடிதம் டைப் அடிச்சாச்சு. நேற்று நான் நேசமலர் வீட்ட போனேன். உங்கட முதல் வாரத்தை நான் களவெடுத்திட்டேன், மன்னிக்கணும். அவ இப்ப இங்க வந்து இருக்கிறா. எழுத ஆளில்லை."

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர இரண்டு சோதனைச்சாவடி. அலுவலகத்தில் நேசமலர் கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தாள். மெலிந்த பெண், முகத்தில் தூக்கமில்லை. ஒஸ்வால்ட் வேலைக் கடிதத்தை பாலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனையை அவர் கையில் வைத்தாள்.

"நீங்கள் எழுதுங்கோ ஐயா. நான் பக்கத்திலை இருந்து சொல்லித் தாறன். திட்டத்திலை முதல் மாதம் எண்டு போட்டனான். இண்டைக்கே தொடங்குவம்."

வங்கியில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட கை அது. 215 என்று ஒவ்வோர் இலக்கமாக எழுதியது. பெயர். வயது. தொழில். "இணைப்பாளர்" என்று நேசமலர் சொல்ல, அவர் எழுதினார். கடைசியாகக் காணப்பட்ட இடம் என்ற கட்டத்தில் "இந்த அலுவலகம்" என்று எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார்.

நேசமலர் கையெழுத்து வைத்தாள். வைத்துவிட்டு, அந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். பிறகு பாலேஸ்வரியை உற்றுப் பார்த்தாள்.

"தங்கச்சி, உமக்கு இங்கை ஆர் இருக்கினம்? நாளைக்கு நீர் வராட்டி உம்மை ஆர் எழுதுவினம்?"

கொழும்பில் பாலேஸ்வரிக்கென்று வந்து முன்னாலிருந்து சொல்ல ஒருவரும் இல்லை.

"நான் எழுதுவேன்" என்றார் ஒஸ்வால்ட்.

"நான் வந்து சொல்லுவன்" என்றாள் நேசமலர். "உம்மடை முழுப்பேரைச் சொல்லும். இப்பவே கேட்டு வைக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் தொலைபேசியில் அந்தக் குரல் சொன்ன பிறகு, பாலேஸ்வரி தன் முழுப்பெயரை வாய்விட்டு ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.