ஒன்பதாவது பதில்

வெளிநாட்டு வேலை ஏஜென்சி கொடுத்த இருபது இன்டர்வியூ கேள்விகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு அண்ணி எழுத உட்கார்ந்தாள். எட்டு வருடம் அந்நிய நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்து கற்ற மொழி அவளுடையது. அதே நாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் இப்போது நாத்தனாருக்கு வேலை கிடைக்க வேண்டும். இங்கே ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் போன பிறகு அவளும் அவள் மகளும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நாத்தனார் பதிலைச் சொல்லுவாள். அண்ணி அதை அந்த மொழியில் எழுதுவாள், அடியில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதுவாள். ஆரம்பத் தேர்வு பாஸானவள்தான் நாத்தனார். ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஒன்பது. உங்க பராமரிப்புல இருந்த ஒருத்தர் இறந்தப்போ என்ன செஞ்சீங்க?"

"பன்னிரண்டாம் நம்பர் பெட் தாத்தா, அண்ணி. இனி மருந்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூச்சு இழுத்துச்சு. நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்புறம் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அவர் மகன் வர்ற வரைக்கும் விடல. பக்கத்து பெட்டுக்குத் துணி மாத்த லேட்டாச்சுன்னு திட்டு வாங்கினேன்."

"இதைச் சொன்னா, வேலையை விட்டுட்டு உட்கார்ந்திருந்தவன்னு எழுதிப்பாங்கடி."

"நடந்தது அதுதானே?"

"நடந்தது நமக்கு. இது இன்டர்வியூ."

அண்ணி எழுதினாள்: உடனே நர்ஸுக்குத் தெரிவித்தேன். விதிமுறைப்படி நடந்தேன். குடும்பத்தாரிடம் மரியாதையாகப் பேசினேன். படித்துப் பார்த்தாள். கறை எதுவும் இல்லாத பதில். மனசுக்கு நிறைவாக இருந்தது.

பத்து நாள் ஒத்திகை நடந்தது. வரிசையில் மனப்பாடமானால் நடுவில் மாற்றிக் கேட்டதும் மறந்துவிடும் என்று அண்ணி கேள்விச் சீட்டுகளைக் கலைத்துக் கலைத்துக் கேட்டாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "உங்கள் பலவீனம் என்ன?" என்பாள்.

"உங்களைப் பார்த்தா பயமே வரல அண்ணி. அடுத்து சோறு போடப் போற மாதிரி இருக்கு."

"அவ கேட்டா எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்பார் உள்ளேயிருந்து அண்ணன். "இருபது வருஷமா பதில் தேடிக்கிட்டிருக்கேன்."

இன்டர்வியூ அன்று காலை படுக்கையறையில் லேப்டாப்பை வைத்தார்கள். திரையில் வந்த நரைத்த பெண்மணி முதலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். வேறு யாரும் இருக்கக் கூடாது. யாரும் இல்லை என்றாள் நாத்தனார். அண்ணி கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தாள். பெயர், அனுபவம், இந்த நாட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்: எல்லாம் தடங்கலில்லாமல் ஓடியது. ஒன்பதாவது கேள்வியும் வந்தது. நாத்தனார் ஒப்பித்தாள்.

"நல்லது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள். அவருக்குப் பக்கத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

பிறகு அதே மூன்று வாக்கியங்கள் மறுபடி வந்தன.

"விதிமுறை எங்களுக்குத் தெரியும்," என்றார் பெண்மணி. குரலில் கோபமில்லை. "நீங்கள் என்ன செய்தீர்கள்? அவசரமில்லை."

அவர் காத்திருந்தார். கை, பிடித்தேன், மகன். அண்ணிக்கு அந்த மொழியில் மூன்று சொல்லும் தொண்டை வரை வந்து நின்றன. கதவிடுக்கில் கிசுகிசுத்தால் போதும். ஆனால் யாரும் இல்லை என்று நாத்தனார் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அண்ணி கதவில் நெற்றியை வைத்து, "கடவுளே, அவ வாயில நீயே வா," என்று வேண்டிக்கொண்டாள். உள்ளே நாத்தனார், "மன்னிக்கவும்," என்றாள். அந்தச் சொல்லை இருவரும் நன்றாகப் பழகியிருந்தார்கள். பெண்மணி அதன்பின் இரண்டு கேள்விகளோடு நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

நாலாம் நாள் மெயில் வந்தது. தேர்வாகவில்லை. தன் அனுபவத்தைத் தன் சொற்களில் சொல்ல அவரால் இயலவில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். அண்ணி அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்லையும் அழகாக்கவில்லை.

"என் தப்பு," என்றாள். "அவங்க கேட்டதே நீ சொன்னதைத்தான். அதை எழுதாம விட்டது நான்தான்."

"என் நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, விடுங்க அண்ணி." நாத்தனாரின் முகம் வெளிறியிருந்தது. இந்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. நல்லது என்று நினைத்துச் செய்ததற்கு மன்னிப்பு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதை வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம்.

அண்ணி புதுத்தாள் ஒன்றை எடுத்தாள். "தாத்தா கை எப்படி இருந்துச்சு?"

"இப்ப எதுக்கு?"

"சொல்லு."

"சில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டேன்."

அண்ணி எழுதினாள், அடியில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி அவள் பக்கம் நகர்த்தினாள். நாத்தனார் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதியில் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.