ஓத முடியாத நாள்

வேறு நாளே கிடைக்கவில்லையா அந்தப் பாழாய்ப்போன மாதவிலக்குக்கு? ஒரு வாரம் முந்தியிருக்கலாம், இல்லை ரெண்டு நாள் பிந்தியிருக்கலாம். ஆனால் சம்சுன் நிஹாருக்கு அது பரீட்சையன்று விடியற்காலையில், மணமேல்குடியில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வந்து தொலைந்தது. துணியை மாற்றிக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசலில் நின்ற அண்ணனிடம் "போலாம் காக்கா" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? கூடப் பிறந்தவனே ஆனாலும், இதைப் போய் ஒரு ஆம்பளையிடம் சொல்கிற வழக்கம் அந்தக் கரையோரத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் அண்ணன் பெண்டாட்டி, மைனி. அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.

பஸ் அறந்தாங்கியைத் தாண்டும்போது அண்ணன் ஜெய்னுலாப்தீன் ஜன்னல் வழியாகக் கடைத்தெருவைக் காட்டினான்.

"அந்தா, பெரிய ஜவுளிக்கடை. அவருதுதான்."

அவள் பார்க்கவில்லை. அவர் என்பது அண்ணன் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை. வயது ஐம்பதுக்கு மேல். மனைவி மௌத்தாகித் தனியாக இருப்பவர், நல்ல மனிதர், தொழுகையாளி, எல்லாம் சரி. ஆனால் அவர் வீட்டுக்கு சம்சுன் நிஹார் மட்டும்தான் வரவேண்டும், ஏழு வயது மகள் ரசியா வரக்கூடாது. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவளிடம் இருக்கிறது அந்த ஒரு பிள்ளைதான். அதையும் விட்டுவிட்டு வா என்கிறார்கள். புதுக்கோட்டையில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று புதிதாகத் தொடங்குகிற பள்ளிக்கூடத்தில் மார்க்கப் பாடம் நடத்த ஓர் உஸ்தாதம்மா வேண்டுமாம், தங்க அறையும் உண்டாம். அந்த வேலை கிடைத்தால் பிள்ளையோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். அண்ணன் இந்த ஒரு தடவைதான் இடம் கொடுத்திருந்தான்.

அதற்காகத்தான் அப்படிப் படித்தாள். பரீட்சை குர்ஆனின் அமைப்பைப் பற்றி, வாய்மொழியாக, என்று நோட்டீஸ் சொல்லியிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து துண்டுத்தாள்களில் குறிப்பு எழுதி எழுதிச் சேர்த்தாள். சூராக்கள், அதாவது அத்தியாயங்கள், நூற்றுப் பதினான்கு. நபிக்கு இறங்கிய வரிசையில் அவை அடுக்கப்படவில்லை. முதன்முதலில் இறங்கியது அலக் சூராவின் முதல் ஐந்து ஆயத்துகள், அதாவது வசனங்கள், ஆனால் அந்தச் சூரா நிற்கிற இடமோ தொண்ணூற்றாறு. பாத்திஹா ஏழு ஆயத்து, ஆனால் வாசல்படி மாதிரி முதலில் நிற்கிறது. அதற்கப்புறம் ஏறக்குறைய நீளமானவை முன்னாலும் குட்டையானவை பின்னாலும். ஓதுவதற்கு வசதியாக முப்பது பாகமாக, ஜுஸ்உகளாகப் பிரித்தது தனிக் கணக்கு, அது சூராவுக்கு நடுவிலும் வெட்டிக்கொண்டு போகும். தவ்பா சூராவுக்குத் தலைப்பில் 'அல்லாஹ்வின் பெயரால்' என்கிற பிஸ்மி இல்லை, நம்ல் சூராவுக்குள்ளே ஒன்று கூடுதலாக இருக்கிறது, ஆகவே மொத்தம் நூற்றுப் பதினான்காகச் சரியாகிவிடும். மணமேல்குடிப் பிள்ளைகள் எல்லோரையும் போல அவளும் சின்ன வயதில் கடைசி ஜுஸ்உவிலிருந்து பின்னால் பின்னாலாக ஓதக் கற்றவள்தான். முன்னாலிருந்து எண்ணிப் பழகுவதற்குள் உயிர் போய்விட்டது.

அவ்வளவு படித்தும், ஓதச் சொல்லிவிடுவார்களோ என்ற ஒரே பயம்தான் புதுக்கோட்டை வரைக்கும் அவளை அரித்துத் தின்றது. மாதவிலக்கில் தொழாத நாட்களில் குர்ஆனைத் தொடவும் கூடாது, வாய்விட்டு ஓதவும் கூடாது. அரபியில் ஓர் ஆயத்துக்கூட. நோட்டீஸில் ஓதுவதைப் பற்றி எதுவும் இல்லையே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பரீட்சை நடந்தது ஒரு கமிட்டிக்காரர் வீட்டுக் கூடத்தில். குறுக்கே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டி, அவளை இந்தப் பக்கம் பாயில் உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் பரீட்சை வைக்கிற ஷேக் தாவூது ஆலிம், கமிட்டிச் செயலாளர், மதியத்து லுஹர் தொழுதுவிட்டு வந்த அண்ணன். மூன்று பேரும் ஆம்பளைகள். பெண்களுக்கு வேலை கொடுக்கப் பரீட்சை வைக்கிறவர்களுக்கு, வருகிறவளுக்கு இப்படியும் ஒரு நாள் இருக்கும் என்கிற யோசனை ஓடியிருந்தால்தானே?

ஆலிமின் குரல் கரகரவென்று வந்தது. "நஸ்ர் சூரா மூணே ஆயத்து. மக்கீயாம்மா, மதனீயா?" மக்காக் காலத்தில் இறங்கியதா, மதீனாக் காலத்ததா என்பது கேள்வி.

"மதனீங்க ஹஜ்ரத்."

"சின்னச் சூராவெல்லாம் மக்கீன்னுதானே சொல்லுவாக?"

"பெரும்பாலும் அப்படித்தாங்க. ஆனா நீளத்த வச்சு முடிவு பண்ணக்கூடாது. இது கடைசிக் காலத்துல இறங்குனது. அஃராப் சூரா இருநூறு ஆயத்துக்கு மேல, அது மக்கீங்க."

"சரி. மார்க்கத்த இன்னைக்குப் பூர்த்தியாக்கிட்டேன்னு ஒரு ஆயத்து. அரஃபாத்துல இறங்குச்சு. அரஃபாத்து மக்காவுக்குப் பக்கம். அப்ப அது மக்கீயா?"

கண்ணி இது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இல்லீங்க. மாயிதா சூரா, மூணாவது ஆயத்து, மதனீ. எடத்த வச்சுப் பிரிக்கிறதில்லீங்க, ஹிஜ்ரத்த வச்சுத்தான். நபி மதீனாவுக்குப் போறதுக்கு முந்தி இறங்குனது மக்கீ. போன பின்னாடி இறங்குனது, மக்காவுலயே இறங்கியிருந்தாலும் மதனீங்க."

"அடையாளம் சொல்லு."

"மனிதர்களேன்னு கூப்பிட்டா பெரும்பாலும் மக்கீ, ஈமான் கொண்டவர்களேன்னு கூப்பிட்டா மதனீ. ஆனா பகராவும் நிஸாவும் மதனீயா இருந்தும் மனிதர்களேன்னு வருதுங்க. 'அப்படியல்ல'ன்னு அதட்டுற சொல் இருந்தா மக்கீ. சொத்துப் பங்கு, கல்யாணம், தலாக்கு, யுத்தம், இந்த மாதிரிச் சட்டமா வந்தா மதனீங்க."

எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னாள். ஒரு அரபி வாக்கியம் நழுவிவிடக் கூடாதே என்று நாக்கைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். திரைக்கு அந்தப் பக்கம் ஆலிம் சந்தோஷமாகத் தொண்டையைச் செருமினார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தாள்.

"நல்லாருக்கும்மா. அந்த மாயிதா ஆயத்த ஓது, கேப்போம்."

துப்பட்டி நுனியை அவள் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"ஓதும்மா," என்றார் ஆலிம் மறுபடியும்.

ஓதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? திரை இருக்கிறது. இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. ஓதினால் வேலை, அறை, மடியில் ரசியா. ஆனால் தெரிய வேண்டியவனுக்குத் தெரியுமே. நாளைக்கு ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து இன்ன நாளில் ஓதக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறவளே அவள்தானே. தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லலாமா? இவ்வளவு நேரம் கணீரென்று பேசிவிட்டு என்ன தொண்டைக்கட்டு.

செயலாளர் நாற்காலியை நகர்த்தினார். "குறிப்ப மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கு போல ஹஜ்ரத். ஓத வராது. ஃபெயிலுன்னு எழுதிக்கிரட்டுமா?"

"நிஹாரு," என்றான் அண்ணன். குரலில் கோபம் தெரிந்தது. "வீட்டுல அம்புட்டு அழகா ஓதுவியே. என்ன வீம்பு இது?"

பாவி, அவனுக்கு என்ன தெரியும். வீம்பாம். வாய்விட்டு அழுதுவிடுவோம் என்றே நினைத்தாள். அழுகை முட்டிய அந்த நேரத்தில்தான் துண்டுத்தாள் ஒன்று கண்ணுக்குள் வந்தது. சட்ட ஆயத்துகள், மதனீ, என்று தலைப்பிட்டு அவள் எழுதிய தாள்.

"ஹஜ்ரத், நான் ஏன் ஓதலங்கறதுக்கு ஒரு ஆயத்து இருக்குங்க. பகரா சூரா, இருநூத்தி இருபத்திரெண்டு. மதனீ."

ஆலிம் சொன்னார், "நம்பர் சொன்னா எனக்கு எப்படிம்மா தெரியும்? ஆயத்தோட மொதல் வார்த்தையச் சொல்லு."

அட ரப்பே. பழைய காலத்து ஆலிம்கள் ஆயத்தைத் தலைச்சொல்லை வைத்துத்தான் அறிவார்கள். நம்பர் எல்லாம் பரீட்சைக் குறிப்புக்காரர்கள் பாடு. முதல் வார்த்தையைச் சொல்லத்தானே அவளால் முடியாது. மெதுவாக, தமிழிலேயே, கைபிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டாவது ஜுஸ்உங்க. சாராயத்தையும் சூதையும் பத்திக் கேக்குறாங்கன்னு வருதுல்ல, அங்கிருந்து வாங்க. அடுத்தது தகப்பனில்லாத யத்தீம் பிள்ளைகளப் பத்தி. அடுத்தது யாரக் கல்யாணம் முடிக்கக்கூடாதுன்னு. அதுக்கு அடுத்ததுங்க."

ஆலிம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சாராயம். யத்தீம். கல்யாணம். முணுமுணுப்பு அடுத்த ஆயத்துக்குள் கால் வைத்தது, அங்கேயே நின்றுவிட்டது.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்," என்றார் அவர், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிற குரலில், தனக்குத்தானே.

"என்னங்க ஹஜ்ரத்?" என்றார் செயலாளர்.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. ரெஹால் பலகையில் வைத்திருந்த புது அச்சுக் குர்ஆனை எடுத்துப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அதில் ஒவ்வொரு ஆயத்துக்கும் நம்பர் போட்டிருக்கும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வேண்டாம் காக்கா, வேண்டாம், வேண்டாம்.

"இந்தா இருக்கு," என்று சொல்லி அவன் ஓத ஆரம்பித்தான். அவனுக்கு ஓதத் தெரியும், பொருள் தெரியாது, ஊரில் முக்கால்வாசிப் பேரைப் போல. குரல் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது சொல்லுக்கு வந்தான். மாதவிலக்குக்கு உள்ள அரபிச் சொல் அது, எந்த முஸ்லிம் வீட்டிலும் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுகிற சொல்லுக்குப் பக்கத்துச் சொந்தம். பொருள் தெரியாதவனுக்கும் அது தெரியும்.

குரல் நின்றது.

சம்சுன் நிஹார் பாயில் முகம் புதைத்துக்கொண்டாள். பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அண்ணன் முன்னால், அந்நிய ஆம்பளைகள் முன்னால், போயே போய்விட்டது மானம். இனி வேலை எங்கே, அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது.

குர்ஆனை மூடி முத்தமிட்டு, ரெஹாலில் வைக்கிற ஓசை கேட்டது.

"ஹஜ்ரத்," என்றான் ஜெய்னுலாப்தீன். குரல் கம்மியிருந்தது. "தங்கச்சிக்கு இன்னைக்கு ஏலாது. அடுத்த வாரம் நானே கூட்டியாறேன். ஓதும்."

"வேற ரெண்டு பேரு மனு போட்டிருக்காங்களே," என்று செயலாளர் இழுத்தார்.

"அவுகளுக்கு வேற எடம் பாருங்க," என்றார் ஆலிம். "இந்த எடத்துக்கு ஆள் வந்தாச்சு."

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்குப் பயம் இன்னும் விட்டபாடில்லை. அறந்தாங்கி ஸ்டாண்டில் பஸ் நின்றதும் அவன் எழுந்தான். கடைத்தெருவில் அந்த ஜவுளிக்கடை இருக்கும் பக்கம் பார்த்தபடி, "நீ எறங்காத, இப்படியே இரு," என்றான். "பிள்ளையத் தாயிகிட்டருந்து பிரிக்க எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டு வாரேன்."