மூன்றாவது மாதத்து இழுபறி

மருந்துச் செலவு இறங்கி நான் பார்த்ததே இல்லை. பருப்பு விலை ஏறும், இறங்கும். தங்கம்கூட சில மாதம் சும்மா இருக்கும். மருந்துக்கு மட்டும் ஏறத்தான் தெரியும். தபாலாபீஸ் சேமிப்பு ஏஜெண்டாக விருத்தாசலம் தெருக்களில் பல வருஷம் செருப்புத் தேய நடந்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

2005 ஏப்ரலில் கோதண்டபாணி அண்ணனிடமும் இதைத்தான் தொண்டை கிழியச் சொன்னேன். செராமிக் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, கம்மாபுரத்தில் சுரங்கத்துக்குப் போன அரைக் காணி நிலத்துக்கு வந்தது, எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்து அறுபதாயிரம் வைத்திருந்தார். அவர் மனைவி கொளஞ்சியம்மாளுக்குச் சர்க்கரை முற்றி சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தது. தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. திருப்பூரில் இருக்கும் மகன் வெற்றிவேலிடம் கை நீட்டாமல் அவளுக்கு வைத்தியம் பார்த்துவிட வேண்டும். அண்ணனுக்கு இருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

"எல்லாத்தையும் மாச வட்டித் திட்டத்துலயே போட்டுடுங்க நீலாவதிம்மா. சம்பளம் மாரி ஒண்ணாந்தேதி வந்துடும்ல?"

"வரும்ண்ணே. ஆறு வருஷமும் அதே தொகைதான் வரும். மருந்து அதே விலையில நிக்குமா? வர்ற வட்டி மொத்தத்தையும் இன்னிக்கே தின்னுட்டா, நாளைக்கு ஏறுற விலைக்கு எங்க போவீங்க?"

அவர் விழித்தார். நானே பிரித்துப் போட்டேன். மூன்று லட்சம் இருவர் பெயரிலும் மாத வருமானத் திட்டத்தில். எட்டு சதவீதம், மாதம் இரண்டாயிரம் வரும். கம்பெனி வேலைக்கு வரும் சொற்ப பென்ஷனையும் சேர்த்து அது வீட்டுக்கு. இரண்டு லட்சம், அதுவும் இருவர் பெயரில், மூத்த குடிமக்கள் திட்டத்தில், ஒன்பது சதவீதம். ஆனால் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான், நாலாயிரத்து ஐந்நூறு. அது மருந்துக்கு. அன்றைக்கு மருந்து மாதம் ஆயிரத்து இருநூறுதான் ஆனது. மிஞ்சுவதைத் தொடாமல் விட வேண்டும். பாக்கி அறுபதாயிரம் சேமிப்புக் கணக்கில்; விலை ஏற ஏற அதிலிருந்து கிள்ளிக்கொள்ளலாம், திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்தாலும் உதவும். எனக்குக் கமிஷன் குறைச்சல்தான். இருந்தாலும் அதுதான் சரி.

கொளஞ்சியம்மாள் சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மூணு மாசத்துக்கு ஒருக்கா காசுன்னா, வியாதியும் மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தா போதும்னு அதுகிட்ட சொல்லிடுங்கண்ணி."

முதல் வருஷம் திட்டம் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் வருஷம் டாக்டர் ஊசி எழுதினார், மாத்திரையை மாற்றினார். மருந்து மாதம் இரண்டாயிரத்தைத் தொட்டது. சேமிப்புக் கணக்கில் கிள்ள வேண்டியதுதானே? கிள்ள மாட்டார்கள் இரண்டு பேரும். அது கடைசிக் காலத்துக்காம். அதனால் வட்டிப் பணம் இரண்டு மாதத்தில் கரைந்து, ஒவ்வொரு மூன்றாவது மாதமும் கையைக் கடித்தது. மார்ச், ஜூன், செப்டம்பர் என்றால் என்னைக் கூப்பிட ஆள் வந்துவிடும். போய்ப் பார்த்தால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

"டீயை ஒரு வேளைக்குக் கொறைச்சிடலாம்ங்க."

"நீ உன் வாயைக் கொறை. நான் பேப்பர நிறுத்துறேன்."

"பேப்பர நிறுத்திட்டு நாள் பூரா என் மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பீங்களா?"

"பாத்தா என்னா, தேஞ்சா பூடும்?"

எனக்கு எரிச்சலாக வரும். அறுபதாயிரத்தைப் பூட்டி வைத்துவிட்டு டீயில் மிச்சம் பிடிக்கிறார்களே என்று கத்துவேன். அவள் எனக்கு மட்டும் இரண்டு வேளை டீயையும் சேர்த்த மாதிரி பெரிய டம்ளரில் ஊற்றித் தருவாள். கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், பேசுவதற்கு எனக்கு டிவி இருக்கும். கட்டியவன் விட்டுப்போன நாளிலிருந்து தனிச் சமையல்தான்.

2006 டிசம்பரில் கொளஞ்சியம்மாள் போய்விட்டாள். ஊசி போட்டதாலும் இல்லை, ஊசி கிடைக்காமலும் இல்லை. விடிகாலையில் மூச்சுத் திணறியது; ஆட்டோ வருவதற்குள் முடிந்தது. ஒரு நாள்கூட அவளுக்கு மருந்து தவறவில்லை, மகனிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. திட்டம் ஜெயித்தது. அதைச் சொல்லி யாரைத் தேற்றுவது?

ஜனவரியில் வட்டி போட்ட அன்று அண்ணன் தபாலாபீஸில் நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, முகம்தான் கசங்கியிருந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு நேராக நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு வந்தார்.

"பையன் எல்லாத்தையும் முடிச்சிட்டு திருப்பூருக்கு வந்துடுங்கிறான்."

"இப்ப முடிச்சா அசல்ல கொஞ்சம் புடிச்சிக்கிட்டுதான் தருவாங்க. உங்களுக்குப் போவணும்னு இருக்குதாண்ணே?"

"இல்லம்மா. அந்த வூட்லதான் அவ இருந்தா. நான் ஒருத்தனுக்கு என்னா ஆவும்னு கொஞ்சம் போட்டுப் பாருங்க."

பேனாவை எடுத்தேன். பால் எவ்வளவு என்றேன். தெரியவில்லை. அரிசி மாதத்துக்கு எத்தனை கிலோ என்றேன். அவர் தெருப் பக்கம் பார்த்தார். பத்தாத கணக்கை மாதக்கணக்கில் சண்டையாகப் போட்ட மனிதர், எது என்ன விலை என்று தெரியாமல்தான் சண்டை போட்டிருக்கிறார். விலை எல்லாம் அவள் வாயில் இருந்தது. பிறகு நானே ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று உத்தேசமாகப் போட்டேன். என் வீட்டுச் செலவு எனக்குத் தெரியாதா?

"மாத்த ஒண்ணும் வேணாம்ண்ணே. கூட்டுக் கணக்கு ரெண்டும் உங்க பேர்லயே தொடரும், ஆபீஸ்ல சர்டிபிகேட் காட்டி அவங்க பேர எடுத்துடலாம். வூட்டுக்கு வர்றது போதும். மருந்துப் பணத்தத் தொடாதீங்க. சூளைத் தூசி தின்ன நெஞ்சு உங்களது, நாளைக்கு வேண்டியிருக்கும். இப்பதிக்கு மூணாவது மாசமும் இழுக்காது. மிச்சமே வரும்."

நல்ல செய்தி என்றுதான் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தாதவர், கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

"மிச்சமா? அவளுக்கு ஒரு நாளு மிச்சமாச்சா? ஒரு வேளை டீய நிறுத்தினாளே, தெரியுமா? இப்ப வந்து மிச்சம்ங்கிறீங்க?"

நான் கணக்குப் போட்ட தாளை மடித்து வைத்தேன். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கொஞ்சம் பத்தாம வர்ற மாரி போட்டுத் தர முடியுமாம்மா?"

"என்னாண்ணே சொல்றீங்க?"

"பத்தலன்னா அவகிட்ட சொல்லுவேன். ஒக்காந்து பேசுவோம், ஒரு நாளு பூரா ஓடும். மிச்சம்னா யார்கிட்டம்மா சொல்றது?"

ஊரில் எத்தனை பேருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கேள்வி கேட்டவர்களை எப்படியெல்லாம் மடக்கியிருக்கிறேன். அன்றைக்குப் பேனாவை மூடிப் பையில் போட்டேன். எனக்கும் பல வருஷமாக மாதா மாதம் மிச்சம்தான்.