முத்துநாயகத்தின் இருபத்துநான்கு சதவீதம்

கருங்கல் சந்தைக்கு எதிரே, ஒரு மொபைல் கடையின் மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பங்குத் தரகு அலுவலகம். மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர், முதலாளி அனில்குமார் சார், நான். மாலை ஐந்தரைக்குப் பூட்டியதும் பஸ் பிடித்து மார்த்தாண்டம் போவேன். அங்கே ஆறு மணிக்குப் பங்குச் சந்தைச் சான்றிதழ் வகுப்பு. வீட்டுக்கு வந்ததும் அன்று நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைப்பேன். இந்தக் கதையில் வரும் தேதிகளை அந்த டைரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு நாளை மட்டும் மூன்று முறை எழுதியிருக்கிறேன், மூன்றும் ஒன்றுபோல இல்லை. எது சரி என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு டப்பா மிக்சரும் ஒரு தாளும் கொடுப்போம். தாளில் அவரிடம் உள்ள பங்குகள், விலை, கம்பெனி தன் லாபத்தில் பங்குக்கு இவ்வளவு என்று கொடுத்த டிவிடெண்ட் எல்லாம் இருக்கும். 2024 அக்டோபரில் முதல் முறையாக அந்தத் தாள்களை நான் அடித்தேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஹார்டுவேர் கடை முத்துநாயகம் அண்ணாச்சியின் தாளை அனில்குமார் சார் திருப்பிக் கொடுத்தார்.

"அவருக்கு இப்பிடிப் போட்டா பிடிக்காது ஸ்மிதா. வாங்கின விலையில வகுத்துப் போடு."

அண்ணாச்சியிடம் தென்கடல் கெமிக்கல்ஸ் பங்கு ஆயிரம் இருந்தது. 2012இல் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனி ஒரு பங்குக்குப் பன்னிரண்டு ரூபாய் டிவிடெண்ட் கொடுத்திருந்தது. அன்றைய விலை நானூறு. பன்னிரண்டை நானூறால் வகுத்தால் மூன்று சதவீதம். ஐம்பதால் வகுத்தால் இருபத்துநான்கு. நான் மூன்றை அழித்துவிட்டு இருபத்துநான்கு என்று அடித்தேன். அந்தப் பத்தியின் தலைப்பை மாற்றவில்லை. 'டிவிடெண்ட் %' என்று மட்டுமே இருந்தது.

அண்ணாச்சி அந்தத் தாளை நான்காக மடித்துப் பாஸ்புக் உறைக்குள் வைத்துக்கொண்டார். டீக்கடையில் அதை விரித்துக் காட்டுவார் என்று கேள்விப்பட்டேன். "எந்த பேங்க்ல டே உனக்கு இருவத்திநாலு தருவான்?" என்று கேட்பாராம்.

நவம்பர் பதினொன்றாம் தேதி அவர் தன் தங்கை தாணம்மாளைக் கூட்டிக்கொண்டு மாடியேறினார். இதுதான் நான் மூன்று முறை எழுதிய நாள்.

தாணம்மாள் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். கணவர் சவூதியில் இறந்து, கம்பெனியிலிருந்து எட்டு லட்சம் வந்திருந்தது. அவர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தொலி உடைக்கும் வேலை பார்த்தார். தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்துக் கிடந்தன. மகள் அஞ்சலி நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பயப்படாத. நான் பன்னெண்டு வருசமாட்டு வச்சிருக்கேன்," என்றார் அண்ணாச்சி.

தாணம்மாள் அக்கா என் மேசைக்கு வந்தார். அண்ணனுடைய தாளைக் கையில் வைத்திருந்தார். இருபத்துநான்கு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இந்த பங்குல இருவத்திநாலு தானே மக்களே?"

"ஆமா அக்கா" என்றேன்.

அவர் தன் அண்ணனுக்கு வருவதைக் கேட்கிறார் என்று நினைத்தேன் என்று முதல் தடவை எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கே வித்தியாசம் சரியாகத் தெரியாது என்று இரண்டாவது. தெரியும், ஆனால் சார் பக்கத்தில் நின்றார் என்று மூன்றாவது.

அன்று நானூறு ரூபாய் விலையில் இரண்டாயிரம் பங்கு வாங்கினார்கள். எட்டு லட்சமும் போயிற்று. அக்கா போகும்போது விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். எட்டு லட்சத்துக்கு இருபத்துநான்கு சதவீதம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். மாதம் பதினாறாயிரம். "அஞ்சலிக்க ரெண்டாம் வருச பீசு எம்பதாயிரம். அதுக்குப் பெறவும் மிச்சம் கெடக்கும்," என்று அண்ணனிடம் சொன்னார். அந்த மாதமே அண்டி ஆபீசிலிருந்து நின்றுவிட்டார். மூச்சு முட்டல் அவருக்கு நெடுநாளாக இருந்ததாம்.

2025 ஜனவரி இருபத்திரண்டு. மாலை வகுப்பில் லட்சுமிப்ரியா மேடம் பலகையில் எழுதினார்: டிவிடெண்ட் ஈல்டு என்பது ஒரு பங்கின் ஆண்டு டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்து நூறால் பெருக்குவது.

நான் கை தூக்கினேன். "வாங்கின விலையால வகுத்தா, மேடம்?"

"அது அவரவர் போட்ட காசுக்கு என்ன வருதுங்கிற கணக்கு. பழைய ஆளுக்கு ஒண்ணு, புது ஆளுக்கு ஒண்ணு. இன்னைக்கு வாங்குற ஆளுக்கு வாங்கின விலையே இன்னைய விலைதான். அதனால அடுத்தவரோட சதவீதம் அவருக்கு ஒரு உபயோகமும் இல்ல."

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். இரண்டாயிரம் பங்கு, தலா பன்னிரண்டு. இருபத்துநாலாயிரம். அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. டைரியில் 'நாளை சொல்ல வேண்டும்' என்று எழுதினேன். அடியில் ஒரு கோடும் போட்டேன்.

மறுநாள் அனில்குமார் சாரிடம் சொன்னேன்.

"அவங்க வந்து கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"பெறவு எதுக்குப் பெண்ணே இந்த வெப்ராளமும் பதட்டமும்? விலை ஏறும். ஏறினா இந்த சதவீதத்த எல்லாம் யாரு நோக்கப் போறா?"

அன்றைய விலை முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அன்று விற்றிருந்தால் பதினாறாயிரமும் தரகுச் செலவும்தான் நஷ்டம். அக்காவின் தொலைபேசி எண் என் கணினியிலேயே இருந்தது. அதைத் திரையில் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு மூடினேன். அடுத்த நாளும் அதேபோல. பிறகு அந்த எண்ணை எடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, வெளியே நல்ல மழை. தாணம்மாள் அக்கா தனியாக வந்தார். பாஸ்புக்கைப் பாலித்தீன் உறையிலிருந்து எடுத்து என் முன் விரித்தார்.

"மக்களே, இதுல இருவத்தோராயிரத்து அறுநூறுன்னு ஒண்ணு கெடக்கு. மிச்சம் எப்ப வரும்?"

நான் திரையைப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை.

"மிச்சம் இல்ல அக்கா. இருபத்துநாலாயிரம். அதுல பத்து சதவீதம் வரி பிடிச்சிருக்காங்க."

வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று முன்கூட்டியே 15ஜி படிவம் கொடுத்திருந்தால் அந்த வரியைப் பிடித்திருக்க மாட்டார்கள். அதையும் நாங்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"மாசத்துக்கா?"

"வருசத்துக்கு."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணனுக்குப் போன் செய்தார். கால் மணி நேரத்தில் முத்துநாயகம் அண்ணாச்சி குடையோடு மேலே வந்தார். நான் ஒரு வெள்ளைத் தாளில் இருவர் பெயரையும் எழுதி, கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

அன்றைய விலை முந்நூற்று நாற்பது. அண்ணாச்சிக்கு வாங்கின விலையில் இருபத்துநான்கு சதவீதம், இன்றைய விலையில் 3.53. அக்காவுக்கு வாங்கின விலையில் மூன்று, இன்றைய விலையில் அதே 3.53. அவருடைய இரண்டாயிரம் பங்கின் மதிப்பு இப்போது ஆறு லட்சத்து எண்பதாயிரம்.

உள்ளறையிலிருந்து வந்த அனில்குமார் சார் எட்டிப் பார்த்தார். "கண்டீங்களா, ஈல்டு கூடியிருக்கு. மூணு இருந்தது மூணரை ஆச்சு."

"அது விலை இறங்கினதால சார்," என்றேன். "கம்பெனி கொடுத்தது அதே பன்னிரண்டுதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அண்ணாச்சி இருபத்துநான்கின் மேல் தட்டினார். "ஏட்டி, நான் பொய்யா சொன்னேன்? எனக்கு வருகு. பொறுமை வேணும், கேட்டியா. நானும் பன்னெண்டு வருசம் பொறுத்தேன்."

"பன்னெண்டு வருசம் பொறுத்தா அஞ்சலிக்க பிள்ளைக்கு பீசு கட்டலாம் அண்ணே," என்றார் தாணம்மாள் அக்கா. "எனக்கு செப்டம்பர் அஞ்சாம் தேதிக்குக் கட்டணும்."

"வித்துரலாம்னு மட்டும் நினைக்காத. நானூறுக்கு வாங்கி முந்நூத்தி நாப்பதுக்கு எவனாவது விப்பானா? சவத்த அப்பிடியே போடு. பீசுக்கு நான் கடையில வல்லதும் ரூவா பிரட்டுதேன்."

அக்கா அண்ணனைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"நீ சொல்லு மக்களே. இந்த ஆறு லட்சத்தி எம்பதாயிரத்த இங்க போட்டா எவ்வளவு, போஸ்ட் ஆபீசுல போட்டா எவ்வளவு?"

"இங்க வருசத்துக்கு இருபத்துநாலாயிரம். அதுவும் கம்பெனி கொடுத்தாத்தான். பீசு போக மிச்சம் ஆறு லட்சத்த போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்துல போட்டா, ஏழு புள்ளி நாலு சதவீதம். மாசம் மூவாயிரத்து எழுநூறு. விலை பிறகு ஏறினா அந்த லாபம் உங்களுக்கு வராது. அதையும் யோசிக்கணும்."

"இந்தக் கணக்கு உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது என்பதையும் எழுதியாக வேண்டும்.

"ஜனவரியில. வகுப்புல சொன்னாங்க. அப்போ விலை முந்நூத்தித் தொண்ணூத்திரண்டு."

அக்கா அந்த வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, 392க்கும் 340க்கும் நடுவே கழித்து, இரண்டாயிரத்தால் பெருக்கினார். ஒரு லட்சத்து நாலாயிரம். எண்களை மிக மெதுவாக, அழுத்தி எழுதினார். பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"வித்துரு," என்றார்.

விற்பதற்கு அவர் போனுக்கு வரும் எண்ணை அடிக்க வேண்டும். காய்த்துப்போன விரல் நுனியைத் திரை இரண்டு முறை உணரவில்லை. நான் கை நீட்டினேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சேலை முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, தானே அடித்தார். அண்ணாச்சி ஜன்னல் வழியே சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடத் தீபாவளித் தாளில் நான் இரண்டு பத்திகள் போட்டேன். 'வாங்கிய விலையில் டிவிடெண்ட் %', 'இன்றைய விலையில் டிவிடெண்ட் %'. சார் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முத்துநாயகம் அண்ணாச்சி மிக்சர் டப்பாவை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு இரண்டாவது பத்தி பின்னால் போகும்படி நீளவாக்கில் மடித்து, நகத்தால் அழுத்தி, பாஸ்புக் உறைக்குள் செருகினார். தாணம்மாள் அக்காவுக்கு இந்த வருடம் தாள் இல்லை. கணக்கில் ஒரு பங்கும் இல்லாதவர்களுக்கு மிக்சரும் கிடையாது.

நவம்பரில் ஒரு காலை பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மடியில் சோற்றுப் பாத்திரம். அண்டி ஆபீசுக்குத்தான் போகிறார் என்று மறுபடி கறுத்திருந்த விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது, அதில் அவருடைய பை. நான் கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு நிறுத்தம் கழித்து அவரே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

"பரீட்சை எழுதியாச்சா?" என்றார், முன்னால் பார்த்தபடியே.

"ஆமா அக்கா. பாஸ்."

"எத்தன?"

"எண்பத்திரண்டு."

பஸ் மேட்டில் ஏறித் திணறியது. அவருக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். பிறகு கேட்டார்.

"எத்தனையில?"