பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

"என் பொண்டாட்டி எழுதிக் கொடுத்த கல்யாணப் பத்திரிகைம்மா. அதுல குத்தம் கண்டுபிடிக்க ஒருத்தர் இனிமேதான் பிறந்து வரணும்" என்று அச்சகத்தில் மார்தட்டினார் பெண்ணின் அப்பா. பக்கத்தில் மனைவி நெளிந்தாள்.

அச்சகக்காரம்மா அசரவில்லை. புரூஃபில் பேனாவை ஓட்டினாள். "ஒன்பது மணின்னு இருக்கு. காலையிலயா, ராத்திரியா? மண்டபத்துக்குத் தெருப் பேரே காணோம். சின்ன மாமா மேல இருக்கார், பெரிய மாமா கீழ இருக்கார். சண்டைக்கு வேற காரணமே வேண்டாம்."

அவருக்குச் சுருக்கென்றது. மனைவி சொல்லச் சொல்ல, திருத்தங்கள் ஏறின.

"சரி, பொண்ணோட அம்மா பேரு எங்கே?"

அவர் புரூஃபை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். மாமா, சித்தப்பா, அத்தை என்று பதினேழு பேர் இருந்தார்கள். அழைப்பவர் இடத்தில் அவர் பெயர் மட்டும் ஒண்டியாக நின்றது.

"யாரையும் விட்டுடக் கூடாதேன்னு பாத்துப் பாத்து எழுதினேன். என்னையே மறந்துட்டேன்" என்று மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதினார்.

"ஐயோ, வரிசை தப்புங்க!" என்று பதறினாள் மனைவி.

"வீட்டுல இருக்கற வரிசைதான். நீங்க அச்சடிங்கம்மா."