உங்கள் அளவு காத்திருக்கிறது

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவளை எல்லோரும் டேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டன் துளையில் தொங்கும் அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று தீர்மானிப்பது பதினொரு வருடமாக அவள் வேலை. எந்த அளவு உண்டு, எந்த நிறம் உண்டு, எது கிடையாது, பிடிக்காவிட்டால் எப்படி மாற்றிக்கொள்வது. அவ்வளவுதான். "டேக்கம்மா எழுதினதைப் படிச்சா தூக்கம் வரும். ஆனா சண்டை வராது" என்பார் கட்டிங் மாஸ்டர். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

சண்டை வந்தால் அது வந்து சேரும் இடமும் அவளுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் கம்பெனியின் சொந்தக் கடை. கடையின் கடைசியில், படிக்கட்டுக்குக் கீழே, எக்ஸ்சேஞ்ச் கவுண்டர். அங்கே உட்கார்ந்திருப்பது அவள் புருஷனின் தங்கை. இருவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். மேலே ஒரு வார்த்தை பிசகினால், சாயங்காலம் பஸ்ஸில் அண்ணி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

புதிதாக ஆபீஸ் சட்டை ஒன்று வந்தது. கட்டிங் மாஸ்டரின் தாளை வாங்கி அவள் வழக்கம்போல எழுதினாள். வெள்ளை, இளநீலம்: எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை. மெரூன், ஆலிவ் பச்சை: எஸ், எம், எல் மட்டும். அந்த இரண்டு துணியும் ஒரே தடவை சாயம் போட்டு வந்த ஒரே லாட். மறுபடி சாயம் போட்டால் அதே நிறம் வராது, அதனால் பெரிய அளவுகளுக்குத் துணி இல்லை. அதற்குக் கீழே அளவு அட்டவணை. 'இது உடலின் மார்பளவு, சட்டையின் அளவு அல்ல' என்று தலைப்பிலேயே போட்டாள். எம் என்றால் உடல் தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். அதே எம் சட்டையைச் சுற்றி அளந்தால் நூற்றெட்டு வரும், மூச்சு விட இடம் வேண்டுமே. கடைசியாக: வாங்கிய பதினைந்து நாளுக்குள், பில்லுடன், துவைக்காமல், அட்டையை அறுக்காமல் கொண்டு வந்தால், கையிருப்பைப் பொறுத்து மாற்றித் தரப்படும்.

இந்தத் தாள்தான் மாப்பிள்ளை கையில் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மாப்பிள்ளை. ஆனால் வாட்ச்மேன் முதல் பிரிண்டர்வரை எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். மார்க்கெட்டிங் படித்தவர். வந்த மூன்றாம் மாதமே ட்ரையல் ரூமை போட்டோ எடுக்கும் மூலையாக மாற்றியவர். சட்டையைப் போட்டுப் பார்க்க இப்போது இடமில்லை, போட்டுக்கொண்டதுபோல நின்று படமெடுக்க இடமிருந்தது.

"மேடம், இது அட்டையா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார், தாளை மேஜையில் வைத்து. "'மட்டும்', 'அல்ல', 'அறுக்காமல்'. எல்லாமே நெகடிவ். கஸ்டமர் மனசு உடைஞ்சுடாதா?"

"இல்லாததை இல்லைன்னு போட்டிருக்கேன் சார்."

"அதைத்தான் சொல்றேன். இருக்கிறதைச் சொல்லுங்க."

அவரே சொன்னார். வண்ணப் பட்டியல் போய், 'உங்கள் நிறம், உங்கள் அளவு: எப்போதும் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது. அட்டவணைத் தலைப்பில் 'உடலின்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தார். உடல் என்றால் ஆஸ்பத்திரி நினைப்பு வருகிறதாம். 'சட்டையின் அளவு அல்ல' என்பதும் கூடவே போயிற்று. 'கையிருப்பைப் பொறுத்து' என்றால் கஞ்சத்தனம் தெரிகிறது என்று அதையும் எடுத்தார். பிறகு அட்டையை இரண்டாக மடித்து, அட்டவணையை உள்ளே வைத்து, திறக்கும் ஓரத்தில் ஒரு தங்க ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். எக்ஸ்சேஞ்ச் வரி வெளியே, பின்பக்கத்தில். பதினைந்து நாளும் பில்லும் அப்படியே, கூடவே ஒன்று: 'ஸ்டிக்கர் கிழியாத நிலையில் மட்டுமே மாற்றித் தரப்படும்.'

டேக்கம்மா அந்தச் சாம்பிள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், அளவு உள்ளே இருக்கு. ஸ்டிக்கரைக் கிழிச்சாத்தான் தெரியும். கிழிச்சா மாத்த முடியாது."

"ஆமா."

"அப்போ அளவு தெரிஞ்சவங்க மாத்த முடியாது. மாத்த முடிஞ்சவங்களுக்கு அளவு தெரியாது."

மாப்பிள்ளை அவளைக் கனிவோடு பார்த்தார். "அதுக்குப் பேரு சஸ்பென்ஸ், மேடம்."

முதலாளி மேஜைக் கோடியில் போனில் இருந்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். போனில் இருந்தவருக்கா அட்டைக்கா என்று யாரும் கேட்கவில்லை. பத்தாயிரம் அட்டை அச்சாயிற்று.

சட்டை நன்றாகவே விற்றது. ஐந்தாம் நாளில் இருந்து திரும்பி வரத் தொடங்கியது. வீட்டில் கிடந்த பழைய சட்டையைச் சுற்றி அளந்து நூற்றெட்டு வந்ததால், கடையில் ஸ்டிக்கரைக் கிழித்து, அட்டவணையில் நூற்றெட்டுக்கு நேரே இருந்த எக்ஸ்எல்லை வாங்கிப் போனவர்கள், கூடாரத்துக்குள் நிற்பதுபோல நின்றார்கள். அத்தனை பேரின் அட்டையிலும் ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. நாத்தனார் ஒவ்வொருவருக்கும் பின்பக்க வரியைப் படித்துக் காட்டினாள். பதிலுக்கு அவர்கள் அவளை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பது சாயங்காலம் பஸ்ஸில் டேக்கம்மாவுக்குத் தெரிய வந்தது.

"நீங்க எழுதுறீங்க அண்ணி. வாங்கிக் கட்டிக்கிறது நான்."

"நான் எழுதலைடி."

"டேக்கம்மான்னு உங்களைத்தானே கூப்பிடறாங்க?"

டேக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை ஒரு பெரியவர் வந்தார். நல்ல உயரம், அதற்கு ஏற்ற அகலம். கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மெரூன் நிறத்தில் எல் சைஸ் வாங்கிக் கொடுத்திருந்தாள், அவருக்கு வேண்டியது டபுள் எக்ஸ்எல். பில்லை வைத்தார். துவைக்காத சட்டையை வைத்தார். அட்டையைத் திருப்பிக் காட்டினார். தங்க ஸ்டிக்கர் அப்படியே மின்னியது. அந்த ஒரு வாரத்தில் கம்பெனி போட்ட நிபந்தனைகள் அத்தனையையும் நிறைவேற்றிய முதல் மனிதர் அவர்தான். அவர் கேட்ட சட்டை மட்டும் உலகத்தில் இல்லை.

"மெரூன்ல அந்த சைஸ் வரலைங்க. இளநீலத்துல தரட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"காத்திருக்கிறதுன்னு போட்டிருக்கே. 'எப்போதும்'னு வேற போட்டிருக்கு."

"அது சும்மா ஒரு வாசகம்ங்க."

"சரிம்மா. அது காத்திருக்கிற வரைக்கும் நானும் காத்திருக்கேன்." பில்லின் ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டு அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கடை மூடும்போது எழுந்து போனார். மறுநாள் பத்து மணிக்குத் தண்ணீர் பாட்டிலும் பத்திரிகையுமாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை கவலைப்படவில்லை. "பதினஞ்சு நாள் போயிட்டா எக்ஸ்சேஞ்ச் காலாவதி." கெடுவுக்குள் வந்ததற்குச் சாட்சியாகப் பில் ஓரத்தில் தேதியும் தன் கையெழுத்தும் இருக்கின்றன என்றாள் நாத்தனார். மாப்பிள்ளை பாதி விலைத் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார். "தள்ளுபடி வேணாம் தம்பி. அட்டையில உள்ளது போதும்" என்றார் குமாஸ்தா.

அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. ஆலிவ் பச்சையில் எக்ஸ்எல் தேடிய பஸ் டிரைவர் ஒருவர், வேலைக்குப் போகாத நாட்களில் வந்தார். அடுத்து ஒரு தம்பதி. குமாஸ்தா எல்லோருக்கும் பில் ஓரத்தில் தேதி போடக் கற்றுக்கொடுத்தார். மாப்பிள்ளை இதையும் ஒரு வாய்ப்பாகவே கண்டார். நாலு சோபா, ஒரு காபி மெஷின், சுவரில் 'காத்திருப்பதும் ஓர் அனுபவம்' என்ற பலகை. காபி நன்றாக இருந்ததால் மாற்றுவதற்கு எதுவும் இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். சட்டை வாங்க வந்தவர்கள் இடமில்லாமல் வெளியே நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் முதலாளி மாடியில் இருந்து இறங்கி வந்தார். வியாபாரம் அமோகம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடியே வந்தவர், காபிக் கோப்பைகளைப் பார்த்ததும் நின்றார். நாத்தனார் ஒரு சட்டையை அவர் கையில் கொடுத்தாள். முதலாளி முதல் தடவையாக அந்த அட்டையைப் படித்தார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் படித்தார். அளவு எங்கே என்று தேடி, நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தார்.

"போச்சுங்க. இனி இதை மாத்த முடியாது" என்றார் சோபாவில் இருந்து குமாஸ்தா.

முதலாளி முகம் மெரூனாயிற்று. மேலே போய் டேக்கம்மாவைக் கூப்பிட்டார். "இதை எழுதினது யாரும்மா?"

மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். அவள் தன் முதல் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். மாப்பிள்ளை அடித்த இடங்களில் அவர் கையெழுத்தே இருந்தது. முதலாளி படித்து முடிக்க நேரமாயிற்று. படிக்கும்போது ஒரு தரம் கொட்டாவி விட்டார்.

"அடுத்த அட்டையை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் கையெழுத்து வேணும் சார்" என்றாள் அவள்.

"யாரு, என் கையெழுத்தா?"

"கவுண்டர்ல உட்காருறவங்க கையெழுத்து."

அது நடந்தது. மிச்ச அட்டைகளை விரித்து, அவளுடைய வாசகத்தை ஸ்டிக்கராக அச்சிட்டு மேலே ஒட்டினார்கள். ஸ்டிக்கர் கிழிந்தவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். ஆலிவ் பச்சை டிரைவர் கடைசியில் வெள்ளைக்குச் சம்மதித்தார். குமாஸ்தா சம்மதிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் அலமாரியில் இருந்த, வெட்டி மிஞ்சிய மெரூன் முனைத்துண்டுகளையெல்லாம் தரையில் பரப்பி அரை நாள் மண்டியிட்டு நகர்த்திப் பார்த்தார். காலரின் உள்பக்கமும் தோள்பட்டையின் உள்பக்கமும் வேறு துணி. வெளியே தெரிவதெல்லாம் மெரூன். ஒரே ஒரு டபுள் எக்ஸ்எல் பிறந்தது.

குமாஸ்தா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். சரியாக இருந்தது. "அட்டை எங்கே?" என்றார். டேக்கம்மா மேலே போய் ஒரு அட்டையில் கையாலேயே எழுதிக் கொண்டு வந்தாள். நிறம் மெரூன். அளவு டபுள் எக்ஸ்எல். கையிருப்பு ஒன்று, விற்றுவிட்டது. மாற்றித் தர இயலாது. அவர் இரண்டு முறை படித்து, தலையாட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் மாப்பிள்ளை 'நேர்மையான அட்டை' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினார், பொன்னாடையும் போர்த்தினார்கள். டேக்கம்மாவுக்கு அது வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

மூன்றாம் நாள் பேன்ட் அட்டை வந்தது. 'உங்கள் கால்களுக்கு எல்லையில்லை' என்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்காகப் படிக்கட்டுக்குக் கீழே போய், கவுண்டருக்கு முன்னால் நின்றார். நாத்தனார் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"இடுப்பு எத்தனை, உள்கால் நீளம் எத்தனை?" என்றாள்.

"உள்ளே இருக்கு மேடம்."

"வெளிய கொண்டு வாங்க. உட்காருங்க, காபி சாப்பிடுங்க. எனக்கு நேரம் ஆகும்."